கையெழுத்து ஒத்துப்போகவில்லை

"தாங்கள் அனுப்பிய கடிதத்தில் உள்ள கையொப்பம் எங்கள் பதிவில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை. எனவே கோரிக்கையை ஏற்க இயலவில்லை." அப்பா சேர்ந்திருந்த ஒரு உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தை ரத்து செய்யச் சொல்லி எழுதிய கடிதத்துக்கு, இந்த இரண்டு வரிப் பதில் 2024 ஜூலை 9ஆம் தேதி வந்தது. அப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்து அந்த நிறுவனம் அடுத்த தவணையை எடுக்கும் நாள் ஆகஸ்ட் 14. நடுவில் ஐந்து வாரம்தான் இருந்தது.

கையெழுத்து அப்பாவுடையதுதான். என் எதிரில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து போட்டது. ஆனால் அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. 2019இல் விண்ணப்பப் படிவத்தில் அவர் போட்ட கையெழுத்து, ஹெட்மாஸ்டர் கையெழுத்து. முதல் எழுத்து பெரிதாக ஒரு சுழி சுழித்து, கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு வலப்பக்கம் பாய்ந்து போகும். இப்போது போடுவது எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. பார்க்கின்சன் வந்தவர்களுக்குக் கை நடுங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும், எழுத்து சிறுத்துப்போவது பலருக்குத் தெரியாது. முதல் எழுத்து ஓரளவு பெரிதாக ஆரம்பிக்கும், போகப் போகக் குறுகி, கடைசி எழுத்து ஒரு புள்ளியில் முடியும்.

அந்த ஜூன் மாதம்தான் அப்பாவைக் கும்பகோணம் வீட்டிலிருந்து சென்னைக்கு என் வீட்டோடு அழைத்து வந்திருந்தோம். வயது 82. மனசும் நினைவும் தெளிவாக இருக்கின்றன, உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. காதும் மந்தம். பூட்டிய வீட்டுக்கு என்னென்ன வந்துகொண்டிருக்கிறது, எதெதற்குப் பணம் போய்க்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டிய வேலை என் தலையில் விழுந்தது. அண்ணன் வெளிநாட்டில்.

பாஸ்புக்கிலிருந்து தொடங்கினேன். கடைசி மூன்று மாதம் பார்த்தால் போதும் என்று முதலில் நினைத்தேன். போதாது. மாதா மாதம் போகிறவை கண்ணில் பட்டுவிடும், வருடத்துக்கு ஒருமுறை போகிறவைதான் ஒளிந்திருக்கும். பதின்மூன்று மாதம் பின்னால் போய்ப் பாருங்கள். பன்னிரண்டு என்று கணக்கு வைத்தால், தேதி நாலு நாள் முன்பின் ஆகும்போது ஒன்று நழுவிவிடும். ACH D என்று தொடங்கும் வரிகளைப் பென்சிலால் சுழித்தேன். நாமே போய்க் கட்டாமல், எப்போதோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அனுமதியின் பேரில் நிறுவனம் தானாக எடுத்துக்கொள்ளும் பணத்துக்கான வரிகள் அவை. அப்படி ஒன்று 2023 ஆகஸ்டில் இருந்தது, 5,999 ரூபாய். "இது என்னப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த ரத்தப் பரிசோதனைப் பையன்" என்றார்.

கதை இதுதான். ஒரு உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தை விற்க ஒரு பையன் வீட்டுக்கு வந்திருக்கிறான். தன்மையாகப் பேசியிருக்கிறான், அப்பாவின் பழைய மாணவனுக்கு உறவு வேறு. அப்பா சேர்ந்துவிட்டார். முதல் வருடம் ஒருமுறை ரத்தம் எடுத்துப் போனார்கள். அதற்கப்புறம் யாரும் வரவில்லை, இவரும் கூப்பிடவில்லை. பணம் மட்டும் வருடா வருடம் போயிருக்கிறது.

பாஸ்புக், மேசை இழுப்பறை, வாசலில் குவிந்திருந்த தபால் மூன்றையும் சேர்த்துப் பார்த்ததில் ஒன்பது சந்தாக்கள் தேறின. ஒன்பதுக்கும் கடிதம் எழுத வேண்டும் என்று லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தவள்தான். எழுத ஆரம்பித்த பிறகு புரிந்தது, பாதிக்குக் கடிதமே வேண்டாம். நாளிதழ் ஏஜெண்டுக்கு ஒரு போன், மாத பாக்கி தீர்த்தால் முடிந்தது. டிடிஎச் முன்பணம் கட்டிப் பார்ப்பது, ரீசார்ஜ் செய்யாவிட்டால் தானாக நின்றுவிடும். தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்தின் பராமரிப்பு ஒப்பந்தமும் அப்படித்தான், காலம் முடிந்தால் முடிந்தது. கைபேசியில் யாரோ ஏற்றிவிட்டிருந்த பாட்டுச் சேவையை, அந்த எண்ணிலிருந்தே 155223க்குக் கூப்பிட்டு நிறுத்தினேன். குலதெய்வக் கோயில் அர்ச்சனைச் சந்தாவை நிறுத்தப் போவதில்லை, பிரசாதம் வரும் முகவரியை மட்டும் மாற்றினோம்.

கடிதம் தேவைப்படுவது மூன்று வகைக்குத்தான்: பணம் தானாகப் போகிற இடம், நம் டெபாசிட்டோ அவர்கள் கருவியோ மாட்டிக்கொண்டிருக்கிற இடம், முன்கூட்டிக் கட்டிய பணத்தில் மிச்சம் இருக்கிற இடம். அப்பாவுக்கு அது நான்காக வந்தது. பரிசோதனைத் திட்டம், தரைவழித் தொலைபேசியும் இணையமும் சேர்ந்த இணைப்பு, இரண்டு மாத இதழ்கள்.

பரிசோதனைத் திட்டத்துக்கு முதலில் நான் செய்தது சுத்தத் தப்பு. என் மின்னஞ்சலிலிருந்து, "என் தந்தையின் திட்டத்தை ரத்து செய்யவும்" என்று நாலு வரி எழுதி, அவர் கையெழுத்திட்ட ஒரு தாளைப் படம் பிடித்து இணைத்து அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது, பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து எழுதவும் என்று. அப்பாவுக்கு மின்னஞ்சலே கிடையாது. படிவத்தின் நகலைத் தேடி எடுத்துப் பார்த்தால், அவர் பெயரோடு நாலு எண்ணைச் சேர்த்து ஒரு முகவரி இருக்கிறது. கட்டம் காலியாக இருந்தால் விண்ணப்பம் உள்ளே போகாது என்பதற்காக அந்தப் பையனே உருவாக்கிப் போட்டது. கடவுச்சொல் அவனுக்கும் நினைவிருக்காது.

போனில் கூப்பிட்டேன். வாடிக்கையாளரே பேச வேண்டும் என்றார்கள். ஸ்பீக்கரில் போட்டு அப்பாவிடம் கொடுத்தேன். "உங்க பிறந்த தேதி சொல்லுங்க சார்" என்றது ஒரு பெண்குரல். நான் அவர் காதருகே குனிந்து கேள்வியைத் திருப்பிச் சொன்னேன். அப்பா தன் நிஜப் பிறந்தநாளைச் சொன்னார், ஐப்பசி மாத நட்சத்திரத்தோடு. "மேட்ச் ஆகலை சார்." பிறகு பள்ளிச் சான்றிதழில் இருக்கிற ஜூன் தேதியைச் சொன்னார். அதுவும் ஆகவில்லை. இரண்டு தடவை தப்பானால் அழைப்பை முடித்துவிடுவார்களாம், முடித்துவிட்டார்கள். ஆதார் அட்டையில் வருடம் மட்டும் இருந்ததால் கணினியில் ஜனவரி 1 என்று ஏற்றியிருக்கிறார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்தத் தலைமுறையில் பலருக்கும் இரண்டு மூன்று பிறந்தநாள் உண்டு. போன் செய்வதற்கு முன்னால் எல்லாத் தேதியையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி போன் வேண்டாம், தபால்தான் என்று முடிவு செய்து அதிகாரக் கடிதத்தை ஒழுங்காக எழுதினேன். ஆதரைசேஷன் லெட்டர் என்று அலுவலகங்களில் சொல்வது இதைத்தான். ஜெராக்ஸ் கடைக்காரர் முத்திரைத்தாளில் எழுதினால்தான் செல்லும் என்றார். நான் எழுதிய நான்கு இடங்களிலும் யாரும் அதைக் கேட்கவில்லை, வெள்ளைத்தாளே போதுமாக இருந்தது. ஒரே தாளில் நான்கு நிறுவனத்தின் பெயரையும் எழுதி நகல் எடுத்து அனுப்பலாமா என்றும் யோசித்தேன். நல்லவேளை, செய்யவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தாள், தனிக்கையெழுத்து. இல்லாவிட்டால் ஒரு நிறுவனத்துக்கு மற்ற மூன்றின் வாடிக்கையாளர் எண்ணையும் நாமே எடுத்துக் கொடுத்தது போலாகும்.

அப்பா கையெழுத்திட்ட வாசகம் இது:

"பொருள்: திட்ட எண் ........ ஐ ரத்து செய்வது தொடர்பாக அதிகாரம் அளித்தல்.

மேற்கண்ட எண்ணில் தங்களிடம் வருடாந்திரத் திட்டம் வைத்திருக்கிறேன். உடல்நிலை காரணமாக நேரில் வரவும் தொலைபேசியில் பேசவும் என்னால் இயலவில்லை. இந்தத் திட்டத்தை ரத்து செய்வதற்காக என் சார்பில் கடிதம் எழுதவும், தங்களோடு பேசவும், தங்கள் பதில்களைப் பெறவும் என் மகள் ........ அவர்களுக்கு அதிகாரம் அளிக்கிறேன். இந்தத் திட்டத்தை நீட்டிக்கவோ, வேறு திட்டத்தில் சேரவோ, பணம் பெற்றுக்கொள்ளவோ அவருக்கு இக்கடிதம் அதிகாரம் அளிக்கவில்லை. எனக்குத் திரும்பத் தர வேண்டிய தொகை இருந்தால் என் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்தவும். இந்த அதிகாரம் 31.12.2024 வரை செல்லும். என் மகளின் மாதிரிக் கையொப்பம் கீழே உள்ளது. அதை நான் உறுதி செய்கிறேன்."

அதன் கீழே அவர் கையெழுத்து, என் மாதிரிக் கையெழுத்து, தேதி, இடம். மேலே பழைய முகவரி, இப்போதைய முகவரி இரண்டும். நிறுவனத்தின் தலைமையகம் வடக்கே இருந்ததால் தமிழில் ஒரு பத்தி, அதன் கீழேயே அதே விஷயம் ஆங்கிலத்தில் ஒரு பத்தி என்று ஒரே தாளில் அச்சடித்தேன். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியும் என்றாலும், கையெழுத்துப் போடுகிறவர் தனக்குப் பழகிய மொழியில் படித்துவிட்டுப் போட்டார் என்று இருப்பது நல்லது.

எதற்கெல்லாம் அதிகாரம் இல்லை என்று எழுதிய வரியை அப்பாதான் சேர்க்கச் சொன்னார். முதலில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், மகளிடமே சந்தேகமா என்று. பின்னால் அந்த வரிதான் என்னைக் காப்பாற்றியது. ரத்து வேண்டாம், பாதி விலைக்கு இன்னொரு வருடம் தருகிறோம், அம்மாவையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அந்த நிறுவனத்திலிருந்து மூன்று முறை கூப்பிட்டார்கள். அம்மா இறந்து ஆறு வருடமாகிறது. "எனக்கு நிறுத்த மட்டும்தான் அதிகாரம், சேர இல்லை. கடிதத்தில் நாலாவது வரியைப் பாருங்க" என்று சொல்லிவிடுவேன். அதற்கு மேல் பேச அவர்களிடம் எதுவும் இருக்காது.

கடைசித் தேதி போடுவதும் அப்படித்தான். தேதியில்லாத அதிகாரக் கடிதம் யார் கோப்பிலாவது கிடந்து, என்றைக்கோ எதற்கோ பயன்படலாம். ஆறு மாதம் தாராளமாகப் போதும்.

இந்தத் தாளோடு நான் எழுதிய கடிதம் தனி. அதில் நாலு விஷயம்தான் கேட்டேன். இன்ன தேதியிலிருந்து திட்டத்தை ரத்து செய்யுங்கள். வங்கியிலிருந்து பணம் எடுக்கும் அனுமதியையும் உங்கள் பக்கம் ரத்து செய்யுங்கள். இரண்டும் முடிந்ததை எழுத்தில் உறுதி செய்யுங்கள். விற்பனை அழைப்புக்கு இந்த எண்ணைப் பயன்படுத்தாதீர்கள். அப்பாவின் உடல்நிலையைப் பற்றி அதிகம் எழுதவில்லை. முதல் வரைவில் நோயின் பெயர், மருத்துவமனை, மருந்து எல்லாம் எழுதி மருத்துவரின் சான்றையும் இணைத்திருந்தேன். படித்துப் பார்த்தபோது கருணை மனு மாதிரி இருந்தது. ரத்து செய்வது அவருடைய உரிமை, அதற்குக் காரணம் காட்ட வேண்டியதில்லை. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

அடையாளத்துக்கு ஆதார் நகல் கேட்பார்கள். முழு எண்ணும் தெரிகிற நகலைக் கொடுக்காதீர்கள். கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதன் குறுக்கே, "திட்ட எண் ........ ரத்துக்கு மட்டும்" என்று பேனாவால் எழுதி, தேதி போட்டு அனுப்பினேன். ஸ்பீடு போஸ்ட் ரசீதையும், கொடுத்துவிட்டதாக இணையத்தில் காட்டிய பக்கத்தையும் எடுத்து வைத்தேன்.

இவ்வளவு செய்தும் வந்த பதில்தான் முதலில் சொன்ன இரண்டு வரி.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "என் கையெழுத்து எனக்கே ஒத்துப்போகலை, அவங்களுக்கு எப்படி ஒத்துப்போகும்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

வழி சொன்னவர் அப்பா ஓய்வூதியம் வாங்கும் வங்கியின் எங்கள் பக்கத்துக் கிளையில் ஒரு அதிகாரி. வாடிக்கையாளரின் கையெழுத்தை வங்கியே பார்த்துச் சான்றளிக்க முடியும். அதற்கு முதலில் வங்கியில் இருக்கும் மாதிரிக் கையெழுத்தைப் புதுப்பிக்க வேண்டும், அங்கேயும் பழைய சுழிதானே இருக்கிறது. அப்பாவை ஆட்டோவில் அழைத்துப் போனோம். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017இல் எல்லா வங்கிகளுக்கும் சொல்லியிருக்கிறது. போக முடியாதவர்கள் அதைக் கேட்கலாம். அப்பாவுக்கு வெளியே போக ஆசை, வங்கி என்றால் வேட்டிக்கு இஸ்திரி போட்டுக் கிளம்பிவிடுவார்.

கிளம்பும் நேரத்தை மட்டும் நான் பார்த்து வைத்தேன். காலை மாத்திரை போட்டு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து அவர் கை தேவலாம் என்று இருக்கும். அடுத்த மாத்திரைக்கு முன்னால் மறுபடி நடுங்கும். முதல் தடவை, கடிதம் தயாரானதே என்ற அவசரத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், அதாவது இருப்பதிலேயே மோசமான நேரத்தில் கையெழுத்து வாங்கியிருந்தேன். இந்தத் தடவை பத்தரை மணிக்கு. மெல்லிய பால்பாயிண்டுக்குப் பதில் தடித்த ஜெல் பேனா. தாளில் கையெழுத்துப் போடும் இடத்தில் நாலு விரல் அகலத்துக்குப் பெரிய பெட்டி ஒன்றைப் பென்சிலால் போட்டுக் கொடுத்தேன், எழுத்து பெட்டியை நிரப்ப வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டு. கட்டம் கண்ணில் பட்டால் கை அவ்வளவாகக் குறுகுவதில்லை. கடைசிக் கோடு பாயவில்லைதான், ஆனால் பெயர் படிக்கிற மாதிரி இருந்தது. அதன் கீழே ஒரு வரி: "கை நடுக்கம் காரணமாக என் இப்போதைய கையொப்பம் 2019ஆம் ஆண்டுக் கையொப்பத்திலிருந்து வேறுபடும்." அதிகாரி தன் எதிரில் போட்ட கையெழுத்து என்று எழுதி, பெயர், பதவி, கிளை முத்திரை எல்லாம் போட்டுக் கொடுத்தார்.

கையெழுத்தே போட முடியாத நிலை வந்தால் பெருவிரல் ரேகை. அதற்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், வங்கி வேலை என்றால் அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருப்பார். எங்களுக்கு இன்னும் அது தேவைப்படவில்லை.

அங்கே இருக்கும்போதே நான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய இன்னொரு வேலையையும் முடித்தோம். நிறுவனத்தில் ரத்து செய்வதும் பணம் போவதை நிறுத்துவதும் வேறு வேறு. நிறுவனம் பதில் எழுதாமல் இழுத்தடித்தாலும், வங்கியில் கொடுத்த அனுமதியைக் கணக்கு வைத்திருப்பவர் வங்கிக்கே எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம். ஒவ்வொரு அனுமதிக்கும் UMRN என்று ஒரு எண் உண்டு, கிளையில் கேட்டால் கணக்கில் உயிரோடு இருக்கும் எல்லா அனுமதியையும் எண்ணோடு எடுத்துத் தருவார்கள். அப்பா கணக்கில் இரண்டு இருந்தன. இன்னொன்று, எப்போதோ கட்டி முடித்த ஃபிரிட்ஜ் தவணைக்கானது. இரண்டையும் ஒரே நாளில் ரத்து செய்தார். இதற்கு என் அதிகாரக் கடிதம் செல்லாது, நிறுவனத்துக்கு எழுதியது வங்கிக்குப் பொருந்தாது. கணக்குக்காரரே கையெழுத்திட வேண்டும். தவணை நாளுக்கு முந்தின நாள் போய் நிற்காதீர்கள், சில வேலை நாளாவது வேண்டும் என்றார்கள்.

கணக்கில் பணம் இல்லாமல் வைத்துவிட்டால் போதும், எடுக்க முடியாதே என்று என் தோழி ஒருத்தி யோசனை சொன்னாள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வங்கி அபராதம் போடும். அதைவிட, பணத்தை மட்டும் நிறுத்திவிட்டு நிறுவனத்துக்கு எழுதாமல் விட்டால், ஒப்பந்தம் இருக்கிறது, பாக்கி இருக்கிறது என்று அவர்கள் பக்கம் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டையும் செய்துவிட வேண்டும். பணம் கார்டு வழியாகவோ யுபிஐ ஆட்டோபே வழியாகவோ போகிறது என்றால் கிளைக்குப் போக வேண்டாம், வங்கியின் தளத்திலோ அந்தச் செயலியிலோ உட்கார்ந்த இடத்திலேயே நிறுத்தலாம்.

வங்கிச் சான்றோடு இரண்டாவது கடிதம் ஜூலை 15 போனது. 30ஆம் தேதி ரத்து உறுதி என்று என் மின்னஞ்சலுக்கே பதில் வந்தது. ஆகஸ்ட் 14 அன்று நானும் அப்பாவும் பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காத குறைதான். பணம் போகவில்லை. 17ஆம் தேதி, "உங்கள் புதுப்பிப்புத் தொகை நிலுவையில் உள்ளது" என்று ஒரு குறுஞ்செய்தி. அவர்கள் அனுப்பிய உறுதிக் கடிதத்தையே அவர்களுக்குத் திருப்பி அனுப்பினேன், இனியும் கேட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவேன் என்று ஒரு வரி சேர்த்து. அதோடு நின்றது. போன நாலு வருடப் பணத்தைக் கேட்கலாமா என்று அண்ணன் கேட்டான். சேவை தயாராக இருந்தது, இவர்தான் கூப்பிடவில்லை என்பார்கள். நான் அதில் இறங்கவில்லை.

தொலைபேசி இணைப்பு சுலபமாகவே முடிந்தது. மோடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் வரிசை எண் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொண்டு, கொடுத்ததற்கு ரசீது வாங்கினேன். டெபாசிட் திரும்பி வர அப்பா கணக்கின் ரத்து செய்த காசோலை ஒன்றைக் கேட்டார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்த உற்சாகத்தில் அப்பாவின் பழைய கைபேசி எண்ணையும் விட்டுவிடப் பார்த்தேன், இனி யார் கூப்பிடப் போகிறார்கள் என்று. அதை மட்டும் செய்யாதீர்கள். வங்கி, ஆதார், ஓய்வூதியம், ரத்து செய்துகொண்டிருக்கும் எல்லா நிறுவனத்தின் ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். எல்லாம் முடிந்த பிறகும் அந்த எண் இருக்கட்டும் என்றே வைத்திருக்கிறோம். பயன்படுத்தாமலும் ரீசார்ஜ் செய்யாமலும் விட்டால் அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதிகாரக் கடிதத்துக்குச் சக்தி, அதைக் கொடுத்தவருக்குத் தெளிவு இருக்கும் வரைதான். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201வது பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ மனத்தெளிவை இழந்தாலோ அந்த அதிகாரம் முடிந்துவிடும். பவர் ஆஃப் அட்டர்னிக்கும் இதே கதைதான், பத்திரப்பதிவு செய்திருந்தாலும். மறதி நோய் முற்றிய பிறகு கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்குவது சட்டப்படி செல்லாது, அப்புறம் நீதிமன்றத்தில் பாதுகாவலர் நியமனம் வரை போக வேண்டியிருக்கும். மருத்துவர் முதல்முறை அந்தப் பேச்சை எடுக்கும் வாரத்திலேயே பாஸ்புக்கை எடுத்துவிடுங்கள்.

மாத இதழ் இரண்டையும் கடைசிக்கு வைத்திருந்தேன். ஒன்று ஆங்கிலம், அது சத்தமில்லாமல் நின்றது. மற்றது ஒரு சிறிய தமிழ் இதழ், மூன்று வருடச் சந்தாவில் 19 இதழ் மிச்சம் இருந்தது. கும்பகோணம் வீட்டு அலமாரியில் மேலுறை பிரிக்காமலே எட்டு இதழ் அடுக்கியிருந்ததைப் பார்த்து, படிப்பதில்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பத்தரை மணிக்குக் கை நன்றாக இருக்கிறதே என்று நாலு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தேன். "சரிம்மா, எங்க போடணும்?" என்று கேட்டு அவரும் வரிசையாகப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

இரண்டு வாரத்தில் அந்த இதழிலிருந்து அஞ்சலட்டை வந்தது. எனக்கு இல்லை, அப்பா பெயருக்கு, கையால் எழுதியது. சந்தாவை நிறுத்திவிட்டதாகவும், மீதித் தொகையை மணியார்டரில் அனுப்புவதாகவும், ஐயாவின் உடல்நலம் எப்படி என்றும் கேட்டிருந்தார்கள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"இதை யார் நிறுத்தச் சொன்னது?"

"நீங்கதானேப்பா கையெழுத்துப் போட்டீங்க."

"நீ காட்டின இடத்துல போட்டேன்."

மேலுறை பிரிக்காத எட்டும் அவர் படிக்காமல் விட்டதில்லை, வரிசைப்படி படித்துக்கொண்டு வருவதால் இன்னும் எட்டாதவை. கையை ஊன்றிப் பக்கம் திருப்ப நேரமாகிறது, அவ்வளவுதான். அதற்கப்புறம் எந்தத் தாளையும் வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவர் தலையாட்டிய பிறகுதான் பேனாவைக் கொடுக்கிறேன், ஒரு நாளைக்கு ஒரு தாள்.

கொடுத்த அதிகாரத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், நிறுவனத்துக்கும் நமக்கும் எழுதித் தெரிவித்தால் போதும். அப்பாவுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இன்லாண்டு லெட்டர் வாங்கி வரச் சொன்னார். மறுநாள் காலை மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து, ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரே எழுதினார். என் மகளுக்கு அளித்த அதிகாரத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், சந்தாவைத் தொடரவும், புதிய முகவரி கீழே. முதல் வரி படிக்கும்படி இருந்தது. நாலாவது வரிக்கு எனக்கே பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது. இதற்குச் சான்றளிக்க வங்கிக்குப் போகணுமாப்பா என்று கேட்டேன். பேசாமல் மடித்து ஒட்டினார்.

அடுத்த மாத இதழ் புது முகவரிக்கு வந்தது. மேலுறையில் அவர் பெயரை அந்த அஞ்சலட்டை எழுதிய அதே கை எழுதியிருந்தது.